பச்சை லேபிளும் புல்தைலமும்

மட்டாஞ்சேரி ஆபீஸை இப்போதெல்லாம் நான் கனவில்தான் பார்க்கிறேன். கனவிலும் அது காலியாகவே இருக்கிறது. மேஜை இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருக்கும். கீழே கிடங்கிலிருந்து மிளகுத் தூசி எழும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, கீழே இறங்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். யாரோ மாடிப்படி ஏறி வருகிற சத்தம் கேட்கும். நான் கையில் பட்டியலோடு காத்திருப்பேன். வருகிறவர் வந்து சேர்வதற்குள் விழித்துவிடுவேன்.

அந்தப் பட்டியல் நான் போட்டது. சுக்கு, மிளகு, ஏலம் ஏற்றுமதி செய்கிற கம்பெனி எங்களுடையது. மட்டாஞ்சேரி பஜாரில், காயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற பழைய கட்டடத்தின் மாடியில் ஆபீஸ் இருந்தது. முதலாளி பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்காரர். எங்கள் வீடும் பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் வேரூன்றிய தமிழ் வீடுதான். அதனால் ஆபீஸில் தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே நடக்கும். கட்டடம் ஒழுக ஆரம்பித்ததும் வைட்டிலாவில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்தார் முதலாளி. நிர்வாகம் என் பொறுப்பு. ஆகவே மாற்றுகிற பாரமும் என் தலையில் வந்து உட்கார்ந்தது.

எனக்கு ஒழுங்கு இல்லாவிட்டால் எரிச்சல் வரும். வீட்டில் இதற்காகவே என்னைக் கலெக்டர் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு மாதம் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். துறைக்கு ஒரு நிறம்: கணக்குக்கு நீலம், கொள்முதலுக்கு மஞ்சள், தரச்சோதனைக்கு வெள்ளை, கப்பல் ஆவணத் துறைக்குப் பச்சை. ஒவ்வொரு லேபிளிலும் துறை, பெட்டி எண், புது ஆபீஸில் எந்த அறை, எந்த மூலை என்று எழுதியிருக்கும். லேபிளைப் பெட்டியின் தலையில் ஒட்டக்கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தெரியாது, பக்கவாட்டில் இரண்டு இடத்தில் ஒட்ட வேண்டும் என்று நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.

கம்ப்யூட்டர்களுக்குத் தனிப் பக்கம். அணைக்கும் முன்னால் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்கில் நகல் எடுக்க வேண்டும். அந்த டிஸ்க் லாரியில் போகக்கூடாது, வேறு வண்டியில், ஒருவர் மடியில் போக வேண்டும். பின்பக்கத்து வயர்களைக் கழற்றும் முன் போனில் படம் பிடிக்க வேண்டும். வயர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஒரே பையில், கம்ப்யூட்டரின் அதே எண்ணோடு. சர்வரைக் கடைசியில் அணைத்து, அங்கே முதலில் எழுப்ப வேண்டும். மேஜைகளைக் கழற்றினால் ஸ்க்ரூக்களைக் கவரில் போட்டு அந்தந்தப் பலகையின் அடியில் ஒட்ட வேண்டும். அலமாரிகளைக் காலி செய்து பூட்டி, சாவியில் அட்டை கட்டி, துறைப் பொறுப்பாளர் கையில் கொடுக்க வேண்டும். முதலாளியின் ஈட்டிமர மேஜையை நானே டேப் வைத்து அளந்தேன். லிஃப்டுக்குள் நுழையாது, படி வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று எழுதி வைத்தேன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஏற்றும்போது ஒரு டிக், இறக்கும்போது ஒரு டிக். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. எங்கள் ஊரில் மட்டாஞ்சேரியில் ஏற்றுகிற சுமட்டுத் தொழிலாளிகள் வைட்டிலாவில் இறக்க மாட்டார்கள். அந்த ஏரியாவுக்கு அங்கே வேறு யூனியன் ஆட்கள். ஏற்றினவருக்குத் தெரிந்தது எதுவும் இறக்குகிறவருக்குத் தெரியாது. லேபிள்தான் பேச வேண்டும். அதனால் பட்டியலின் தலையில் பெரிய எழுத்தில் ஒரு விதி போட்டேன்: லேபிள் இல்லாத எதுவும் லாரி ஏறாது. உடைந்த நாற்காலி, செத்த பிரிண்டர், காலாவதியான காகிதம் எல்லாம் லேபிள் இல்லாமல் ஹாலிலேயே கிடக்கும். கடைசி லாரி கிளம்பியதும் ஆக்ரிக்காரர் வந்து அள்ளிப் போவார். பழைய சாமான் வாங்குகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த விதியை எழுதிவிட்டு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இனி சேச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவணத் துறை என்றால் அவள்தான். அவளுக்கு மேலும் யாரும் இல்லை, கீழும் யாரும் இல்லை. வைப்பின் தீவிலிருந்து தினமும் ஜங்காரில், வண்டிகளையும் ஏற்றுகிற படகில், காயலைக் கடந்து வருவாள். கப்பல் ரசீது, சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்கிற சான்றிதழ், பூச்சி இல்லை என்கிற சான்றிதழ் என்று ஒவ்வொரு சரக்கோடும் போக வேண்டிய காகிதங்களை அவள் கை படாமல் வங்கிக்கு அனுப்பியதில்லை. எங்களோடு பேசிப் பேசி ஒரு தினுசுத் தமிழும் வந்திருந்தது. சுத்தம் என்றால் அவளுக்குப் பைத்தியம். மேஜையில் ஒரு பாட்டில் புல்தைலம் எப்போதும் இருக்கும். அந்த எலுமிச்சைப் புல் எண்ணெய்தான் கொச்சியில் பாதி வீடுகளில் தரை துடைக்கிறது. அவளோ அதைத் தரை, மேஜை, போன் என்று எதையும் விடாமல் தேய்ப்பாள்.

முதலாளிக்கு ஒரு யோசனை இருந்தது. ஆவண வேலையை வெளி ஏஜென்சி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டால் என்ன? எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்? புது ஆபீஸின் இருக்கைப் படத்தில் எல்லோருடைய இடத்தையும் பேனாவால் எழுதியவர், சேச்சியின் இடத்தை மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார். மாறி முடியட்டும், பார்ப்போம் என்றார். சேச்சி அந்தப் படத்தை ஒருமுறைதான் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பாட்டிலை எடுத்து மேஜையைத் துடைத்தாள். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள். இந்த வயதில் எங்கே போய் வேலை கேட்பாள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் கட்டி முடிந்த நேரத்தில் ஒரு கப்பல் ரசீது வந்து சேர்ந்தது. திங்கட்கிழமைக்குள் மற்ற சான்றிதழ்களோடு வங்கியில் கொடுத்தாக வேண்டும், தாண்டினால் வாங்குகிறவர் பணம் தர மறுக்கலாம். சனிக்கிழமை வங்கி விடுமுறை. இந்த மாதிரி உயிருள்ள காகிதங்கள் பொறுப்பாளரின் கையோடுதான் போக வேண்டும் என்று என் பட்டியல் சொன்னது. சேச்சி மாட்டேன் என்றாள். இந்த மழையில், இந்தக் காற்றில், ஜங்காரில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதா? வேண்டாம், பெட்டியில் இருக்கட்டும், காலையில் நானே லாரியோடு நின்று ஏற்றிக்கொள்கிறேன் என்றாள். அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. 'முதலில் திறக்க' என்று பச்சை லேபிள் எழுதி, அந்தப் பெட்டியில் நானே அழுத்தி ஒட்டினேன். புல்தைலம் மணத்தது. அந்தக் கட்டடத்தில் எது மணக்கவில்லை?

சனிக்கிழமை நான் விடிந்ததும் வைட்டிலாவுக்குப் போய்விட்டேன், இறக்குகிற பக்கம் என்னுடையது. ஏற்றுகிற பக்கம் கணக்கர் சேட்டன் கையில் இருந்தது. நல்ல மனிதர், சொன்னதைச் சொன்னபடி செய்வார், அதற்கு மேல் ஒரு இழை யோசிக்க மாட்டார். புது ஆபீஸ் வெள்ளை வெளேரென்று ஒரு வாசனையும் இல்லாமல் நின்றது. பெயிண்ட் வாடை மட்டும் இருந்தது. தரையில் நிற நிறமாக டேப் ஒட்டி, எந்தத் துறை எங்கே என்று கட்டம் போட்டிருந்தேன். நீலப் பெட்டிகள் நீலக் கட்டத்தில் வந்து உட்கார்ந்தன. மஞ்சள் மஞ்சளில். சர்வர் வந்ததும் கம்ப்யூட்டர் பையன்கள் அதை முதலில் எழுப்பினார்கள். சின்ன விளக்கு மினுங்கியது. ஈட்டிமர மேஜை படி வழியாக, மூச்சு வாங்கிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி வந்து சேர்ந்தது. எனக்குக் கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருந்தது. ஒரு ஆபீஸ் முழுவதும் காற்றில் பறந்து வந்து, அதனதன் இடத்தில் மெல்ல இறங்குகிறது போல.

மத்தியானம் சேச்சி நனைந்துகொண்டு வந்தாள். காற்றில் ஜங்கார் நின்றுவிட்டதாம். பாலம் வழியாக பஸ்ஸில் சுற்றி மட்டாஞ்சேரிக்குப் போனபோது கடைசி லாரியும் கிளம்பி, ஹால் காலியாகக் கிடந்ததாம். அப்பாடா, எல்லாம் போய்ச் சேர்ந்தது என்று சந்தோஷமாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். சொல்லிக்கொண்டே பச்சைக் கட்டத்துக்குப் போனாள். பச்சை டேப்புக்குள் வெறும் தரை. அவளுடைய மேஜை வந்திருந்தது, நாற்காலி வந்திருந்தது, கம்ப்யூட்டர் வந்திருந்தது. காகிதம் வைத்த பெட்டி ஒன்றுகூட இல்லை.

கணக்கர் சேட்டனுக்குப் போன் போட்டேன். பச்சைப் பெட்டிகள் முதல் லாரியிலேயே போயிருக்கும், டிக் போடத்தான் மறந்துவிட்டோம் என்று நினைத்தாராம். ஹாலில் ஓரமாக லேபிள் இல்லாத பெட்டிகள் கொஞ்சம் இருந்தன, அதை ஆக்ரிக்காரர் எடுத்துப் போய்விட்டார் என்றார். லேபிள் இல்லாததைத் தொடாதே என்று நீதானே எழுதியிருக்கிறாய் என்றும் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்குப் போனைச் சுவரில் எறிந்திருப்பேன். ஆனால் யார் மேல் எறிவது? விதி என்னுடையது.

நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்தோம். வழி முழுக்க மழை. பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. சேச்சி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். மட்டாஞ்சேரி ஹாலில் போய் நின்றபோது அது ஏற்கெனவே வேறு இடமாக ஆகியிருந்தது. நடந்தால் எதிரொலி வந்தது. மூலையில் குப்பைக்கூடை. காலையில் பெருக்குகிறவள் வந்து எல்லாவற்றையும் கூட்டி அள்ளிப் போட்டிருந்தாள். மேலாக, சுருண்டு, என் கையெழுத்தோடு பச்சை லேபிள்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பின்பக்கம் தடவினேன். வழுவழுவென்று எண்ணெய். விரலை முகர்ந்தேன். புல்தைலம்.

நான் திரும்பிப் பார்த்தேன். சேச்சி வாசலில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"நானாக்கும் மோளே தொடச்சது," என்றாள். "புது ஆபீஸுக்குச் சிதல் கொண்டுபோக வேண்டாம்னு. நல்லா அமர்த்தித் தொடச்சேன். ஒட்டாம போகும்னு தோணலையே."

சிதல் என்றால் கரையான். காகிதத்தைக் கரையான் தின்னக்கூடாது என்று பெட்டிக்குப் பெட்டி எண்ணெய் தேய்த்திருக்கிறாள். அட்டை எண்ணெயைக் குடித்துவிட்டது, ராத்திரியே லேபிள் எல்லாம் உதிர்ந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவும் ஆரம்பித்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டது. வா, பார்க்கலாம் என்றேன்.

ஆக்ரிக் கிடங்கு பள்ளுருத்தியில், ஒரு சந்துக்குள் இருந்தது. உள்ளே நுழைந்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நீல தார்ப்பாய்க்குக் கீழே மலை மலையாகக் காகிதம். அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கி ஒரு பக்கம், காகிதத்தை மூட்டையாகக் கட்டி இன்னொரு பக்கம். எத்தனை ஆபீஸ்களின் எத்தனை வருஷங்களோ அங்கே கிடந்தன. தார்ப்பாயில் மழை விழுகிற சத்தத்தில் உலகம் தூரத்தில் எங்கோ இருந்தது. சேச்சி முன்னால் ஒரு அடி வைத்து, நின்று, தலையைச் சற்றே தூக்கினாள். மூக்கு விரிந்தது.

எனக்கும் வந்தது. ஈரக் காகித நாற்றத்துக்கும் துருப்பிடித்த இரும்புக்கும் நடுவில், மெல்லிய நூலாக, எலுமிச்சையும் புல்லும் கலந்த மணம். காற்று மாறினால் அறுந்தது, நின்றால் மறுபடி வந்தது. நாங்கள் அதன் பின்னால் நடந்தோம். மூட்டைகளுக்கு இடையில் திரும்பினோம், தராசைத் தாண்டினோம், பழைய ஃபிரிட்ஜ் வரிசையைத் தாண்டினோம். இன்று நினைத்தாலும் தூக்கத்தில் நடந்தது போலவே இருக்கிறது.

கடைசியில் ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஆக்ரிக்காரர் காலை மடித்து உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி, சுவர் கட்டினது போல, எங்கள் பெட்டிகள். ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரித்தார். மற்றதை எல்லாம் வந்ததும் பிரித்தாயிற்று, இதை மட்டும் பிரிக்க மனசு வரவில்லை என்றார். இந்த இடத்தில் கொசு மனுஷனை உட்கார விடாது, இந்தப் பெட்டிகளை இறக்கி வைத்ததும் ஒரு கொசு இல்லை, ஒரு ராத்திரியாவது நிம்மதியாக இருக்கலாம் என்று சுற்றி அடுக்கி வைத்தாராம். கொச்சிக் கொசுவை நான் வாழ்க்கையில் முதல்முறையாக வாழ்த்தினேன்.

சேச்சி 'முதலில் திறக்க' பெட்டியைக் கண்டுபிடித்து, நாடாவைக் கிழித்து, உள்ளே கை விட்டாள். கப்பல் ரசீது, சான்றிதழ்கள், எல்லாம் கோப்பில் காய்ந்து, சுத்தமாக இருந்தன. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? ஆக்ரிக்காரர் எங்களுக்கும் சாயா சொன்னார். பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்க அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்த எண்ணெய் என்ன என்று சொல்லுங்கள் என்றார். சேச்சி கைப்பையிலிருந்து பாட்டிலையே எடுத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் பெட்டிகள் பச்சைக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தன. லேபிள் ஒட்டாது என்று தெரிந்ததால், அட்டையில் எழுதி, துளை போட்டு, சாக்குத் தைக்கிற சணலால் கட்டினேன். சணல் மிச்சம் இருந்தது. சேச்சியின் நாற்காலி முதுகிலும் ஒரு பச்சை அட்டையைக் கட்டினேன். துறை, எண், அறை, மூலை. பொறுப்பு என்ற இடத்தில் அவள் பெயர். முதலாளியிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். பென்சில் எழுத்தை அழிக்க ஒரு ரப்பர் போதும், அதற்கு நாமே கையில் ரப்பரைக் கொடுப்பானேன்?

திங்கட்கிழமை சேச்சி காகிதங்களை வங்கியில் கொடுத்துவிட்டு வந்தாள். மூச்சு விட்டோம். ஆனால் மறுநாள் முதலாளி தன் அறையிலிருந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஈட்டிமர மேஜைக்குப் பின்னால், பெயிண்ட் வாடைக்கு நடுவில், மூக்கைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தார். வங்கி மேனேஜர் போன் செய்தாராம். உங்கள் கம்பெனி புல்தைல ஏற்றுமதியும் ஆரம்பித்துவிட்டதா, காகிதத்தைத் திறந்ததும் கவுண்டரே மணக்கிறதே என்று கேட்டாராம்.

நான் ஏதோ சமாளிக்க வாயைத் திறந்தேன். சேச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். எண்ணெய் தேய்த்தது, லேபிள் உதிர்ந்தது, ஆக்ரிக்குப் போனது, பள்ளுருத்தி, கொசு, எதையும் விடாமல், அவளுடைய அந்தத் தினுசுத் தமிழில், நின்றபடியே சொல்லி முடித்தாள். தப்பு என்னுடையதுதான் என்றாள். என் விதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலாளி எழுந்து ஜன்னலருகே போனார். கீழே வைட்டிலா ஜங்ஷனில் வண்டிகள் சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன, அந்தக் கண்ணாடி அப்படி. பிறகு வெளியே வந்து பச்சைக் கட்டத்துக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். ஒரு பெட்டியைத் திறந்து, பழைய கோப்பு ஒன்றை எடுத்து, முகத்துக்கு அருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலியில் தொங்கிய பச்சை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சணலை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். முடிச்சு இறுகியிருந்தது.

"அந்தத் தைலம் இன்னும் இருக்கா?" என்று சேச்சியிடம் கேட்டார்.

ஆக்ரிக்காரருக்குக் கொடுத்துவிட்டேன், நாளைக்கு வாங்கி வருகிறேன் என்றாள்.

"வாங்கிட்டு வா. என் ரூமுக்கும் போடு. மூணு நாளா இந்த ஆபீஸுல எனக்கு இருப்பே கொள்ளலை."

அறைக்குத் திரும்பிப் போனவர் கதவருகே நின்று என்னைப் பார்த்தார்.

"நீ அந்தப் படத்தை எடு. பென்சில்ல எழுதினதைப் பேனால எழுதிடு."

நான் எழுதினேன். அவசரத்தில் கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. ஒழுங்கில்லாத கோட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.